சிவப்புக்கு அருகில் மஞ்சள் இல்லை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கேள்வித்தாளைத்தான் திட்டுவேன். கேள்வி தப்பு, அச்சு தப்பு, போட்டவனுக்கே விடை தெரியாது என்பேன். என்மேல் தப்பு இருக்கலாம் என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். சில சமயம் அதுவும் வராது.

அந்த வருஷம் நான் எழுதப்போவது வங்கி எழுத்தர் தேர்வின் கடைசி முறை. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். அதன் பிறகு தியாகராய நகரில் பெரியப்பாவின் சேலைக் கடைதான். அங்கே ஏற்கெனவே ஒன்பது வருஷமாக நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு முக்காலி உண்டு, இந்தப் பக்கம் விற்பவருக்குத் தரைதான். மாலை ஏழு மணிக்குக் குதிகால் இரண்டும் யாருடையதோ போல் ஆகிவிடும். வங்கி வேலை என்றால் எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிந்தது சம்பளம் இல்லை, நாற்காலி. என் பெயரில் ஒரு நாற்காலி.

பெரியப்பா கெட்டவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டு, எங்கள் ஆதம்பாக்கம் வீட்டின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்து நின்றவர். ஆதம்பாக்கத்தில் ஒரு கிளை திறந்து அதை என்னிடம் விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆயுள் தண்டனை போல் கேட்டது.

கடைக்கு விடுமுறையான நாட்களில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போவேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய் அங்கே படிக்கலாம். படிப்புத் தோழனாக அங்கே ஒருவன் கிடைத்திருந்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அவன் பிறந்து வளர்ந்தது அதே கோட்டூர்புரத்து ஆற்றங்கரைக் குடியிருப்பில். இப்போது குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் பேருந்து ஏறித் தன் பழைய ஏரியாவுக்கே படிக்க வருவான். கணக்கில் நான் அவனுக்கு உதவுவேன், புதிர்களில் அவன் எனக்கு உதவ முயல்வான். முயல்வான் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விடமாட்டேன்.

வட்ட இருக்கைப் புதிர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சிலர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். இவருக்கு வலப்புறம் இரண்டாவது அவர், அவருக்கு எதிரில் இன்னொருவர் என்று குறிப்புகள் தருவார்கள். யார் எங்கே என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கொஞ்ச காலமாகத் தாளில் ஒரு குறும்பு சேர்ந்துகொண்டது. சிலர் மையத்தைப் பார்ப்பார்கள், சிலர் வெளியே பார்ப்பார்கள். இந்த வகை வந்தாலே ஐந்து கேள்வியையும் தொடாமல் விட்டுவிடுவேன். முந்தின இரண்டு முறையும் நான் கோட்டைவிட்டது ஏறக்குறைய அந்த ஐந்து கேள்வி அளவில்தான். ஆக, என் நாற்காலிக்கும் எனக்கும் நடுவே இந்த வட்டம்தான் கிடந்தது.

ஒரு விடுமுறை நாளில் அவன் மாதிரித் தாளிலிருந்து இந்த வகைப் புதிர் ஒன்றை என் பக்கம் தள்ளினான். தாளில் எழுத்துகள்தான் இருந்தன. ஆனால் மறுநாள் அவை கடையில் நிறங்களாக மாறிவிட்டதால் நான் நிறமாகவே சொல்கிறேன்.

ஆறு பேர் வட்டமாக, சம இடைவெளியில் இருக்கிறார்கள். மூவர் மையத்தை நோக்கி, மூவர் வெளியே நோக்கி. சிவப்பு மையத்தை நோக்குகிறது. சிவப்புக்கு வலப்புறம் இரண்டாவது பச்சை. பச்சைக்கு நேர் எதிரில் நீலம். பச்சையும் நீலமும் ஒரே பக்கம் நோக்குகின்றன, அதாவது இரண்டும் உள்ளே அல்லது இரண்டும் வெளியே. பச்சைக்கு அடுத்த இடப்புறம் மஞ்சள், ஆனால் மஞ்சள் சிவப்புக்கு அருகில் இல்லை. நீலத்துக்கு அடுத்த வலப்புறம் ஊதா. ஊதாவும் வெள்ளையும் நீலத்துக்கு மாறான பக்கம் நோக்குகின்றன. வெள்ளைக்கு வலப்புறம் இரண்டாவது யார்?

வட்டம் போட்டு, கடிகாரம் போல் இரண்டு மணி இடைவெளியில் ஆறு எண் வைத்தேன். பன்னிரண்டு மணியில் சிவப்பு. வலப்புறம் இரண்டாவது என்றால் இரண்டு மணி, நாலு மணி. நாலில் பச்சை. எதிரே பத்தில் நீலம். பச்சைக்கு இடப்புறம் மஞ்சள் என்றால் இரண்டு மணி. இரண்டு மணி சிவப்புக்குப் பக்கத்து இடம். ஆனால் மஞ்சள் சிவப்புக்கு அருகில் இல்லையாம். பென்சிலைக் கீழே வைத்தேன்.

"கேள்வியே தப்பு," என்றேன்.

அவன் தன் தாளைப் பார்த்தான். "மஞ்சள்தான்க்கா ஆன்சர். கேள்வி கரீட்டாத்தான் கீது."

பேச்சு கூடாத இடம். சைகை காட்டி அவனை வெளியே படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வலது என்றால் வலஞ்சுழி, கடிகாரம் சுற்றும் பக்கம், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றேன். வலஞ்சுழி என்ற சொல்லிலேயே வலம் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"அட இன்னாக்கா நீ. அவன் உள்ள பாத்துகினு குந்திகினு கீறான். அவன் ரைட்டு கை எங்க போவுது, நீ எங்க போய்க்கினு இருக்கே?"

"எல்லாரும் உள்ள பாத்து உக்காந்த கணக்கெல்லாம் இப்படித்தானே போட்டேன். ஒண்ணாவது தப்பாச்சா?"

ஒன்றுகூடத் தப்பானதில்லை என்பது அவனுக்கும் தெரியும். தலையைச் சொறிந்துவிட்டு, "கைய நீட்டிப் பாருக்கா," என்றான். படிக்கட்டில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் கையை நீட்டிக்கொண்டு நிற்க நான் என்ன போக்குவரத்துக் காவலரா? கடைசி முறை எழுதுகிறவளிடம் இப்படித்தான் பேசுவாயா என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கோபத்தில் வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் காட்டிவிடுவேன் என்பதால் மயிலாப்பூருக்குப் போனேன். கோயிலில் கூட்டம் மிதமாக இருந்தது. பிரகாரம் சுற்றினேன். வலம் வருகிறேன் என்று மனசுக்குள் அழுத்திச் சொல்லிக்கொண்டே சுற்றினேன். இதோ, கடிகாரம் சுற்றும் பக்கம்தான் எல்லாரும் போகிறார்கள். வலம் என்றால் இதுதானே. இரண்டாம் சுற்றில், என் கட்சிக்குச் சாமியையே சாட்சி வைத்துவிடலாம் என்று தோன்றி நடந்தபடியே பார்த்தேன். சாமி என் வலது கைப் பக்கம் இருந்தார். அதாவது என் வலது கை மையத்தைக் காட்டியது, எனக்கு முன்னால் போகிறவரை இல்லை.

சரி, உட்கார்ந்திருப்பவர் போல் மையத்தைப் பார்ப்போம் என்று சட்டென நின்று, சன்னதிப் பக்கம் திரும்பி, வலது கையை நீட்டினேன். கை நான் வந்த வழியைக் காட்டியது.

பின்னால் வந்த மாமி என்மேல் முட்டிக்கொள்ளாமல் தப்பித்தார். "என்ன பண்ணிண்டிருக்கே, நடுவுல நின்னுண்டு? எல்லாரும் வராளோல்லியோ," என்றார்.

மன்னிப்புக் கேட்டு ஓரமாக ஒதுங்கி, இந்த முறை மதிலைப் பார்த்துத் திரும்பினேன். சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான், வேறு வழியில்லை. வலது கை இப்போது மாமி போகும் வழியைக் காட்டியது. அதுதான் வலஞ்சுழி. வெளியே பார்ப்பவருக்கு வலது கை கடிகாரத்தோடு போகும். உள்ளே பார்ப்பவருக்குக் கடிகாரத்துக்கு எதிராகப் போகும். நான் இரண்டு பேருக்கும் ஒரே கையை வைத்திருந்தேன். வலம் என்ற ஒரு சொல்லை நம்பி இத்தனை வருஷம் ஏமாந்திருக்கிறேன்.

அப்படியானால் பழைய கணக்கெல்லாம் எப்படிச் சரியாக வந்தது? ஆதம்பாக்கம் போகும் வழியெல்லாம் யோசித்ததில் அதுவும் பிடிபட்டது. எல்லாரும் உள்ளே பார்த்திருந்தால் நான் போட்ட வட்டம் கண்ணாடியில் தெரிகிற வட்டம். எல்லாருமே இடம் மாறியிருப்பார்கள், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி மாறியிருப்பார்கள். வலது எது என்று கேட்கிற கேள்வியையும் அதே தப்பான கையால்தான் எண்ணுவேன். தப்பும் தப்பும் சேர்ந்து சரியான விடை வந்துகொண்டே இருந்தது. வெளியே பார்க்கிற ஒரே ஒரு ஆள் வட்டத்தில் சேர்ந்ததும் கண்ணாடி உடைந்தது. சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவனுக்கு "ஸாரிடா" என்று அனுப்பினேன். கும்பிடுகிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

தெரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு. தாளில் வட்டம் போட்டால் என் கை பழைய பக்கமே ஓடியது. மறுநாள் கடையைத் திறக்கும் முறை என்னுடையது. ஷட்டரைத் தூக்கியதும் கண்ணில் பட்டவை பொம்மைகள். முகப்புக் கண்ணாடிக்குள் ஆறு பொம்மை, ஆறுக்கும் நான்தான் சேலை கட்டுவேன். யோசிக்கவே இல்லை. ஆறையும் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவந்து கடை நடுவில் வட்டமாக வைத்தேன். முந்தின நாள் மாற்றிய சேலைகள் வசதியாக ஆறு நிறத்தில் இருந்தன.

பன்னிரண்டு மணியில் சிவப்பை மையம் பார்த்து வைத்தேன். அதன் வலது எது என்று யோசிக்கும்போதே விடை தோளில் தொங்கியது. முந்தானை விழுவது இடது தோளில். ஒன்பது வருஷமாக நானே போட்டுவிட்ட முந்தானை. முந்தானை இல்லாத தோள் வலது. பொம்மை எந்தப் பக்கம் திரும்பினாலும் இது மாறாது. சிவப்பின் வெறும் தோள் பத்து மணிப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எட்டு மணியில் பச்சை. எதிரே இரண்டு மணியில் நீலம்.

பச்சை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. உள்ளே திருப்பிப் பார்த்தேன். முந்தானை பத்து மணிப் பக்கம் வந்தது. அங்கே மஞ்சளை வைத்தால் சிவப்புக்கு அடுத்து வந்துவிடும், அது கூடாது. ஆகவே பச்சையை வெளியே திருப்பினேன். முந்தானை ஆறு மணிப் பக்கம் வந்தது. மஞ்சளைத் தூக்கி ஆறு மணியில் வைத்தேன். நேற்று என்னைச் சண்டைக்கு இழுத்த அதே குறிப்புதான் பச்சையின் முகத்தைத் திருப்பிக் காட்டியது. அதைத்தான் நான் கேள்வி தப்பு என்று சொல்லியிருந்தேன்.

மஞ்சளைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தபோது பெரியப்பா வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார்.

"ஏட்டி, இது என்ன கூத்து? பொம்மையெல்லாம் முதுகக் காட்டிட்டு நிக்கி."

"ரெண்டே நிமிஷம் பெரியப்பா. பரீட்சைக்கு."

"மஞ்சள ஏன் அங்கன தூரத்துல வச்சிருக்க? செவப்புப் பக்கத்துல வச்சாத்தான் எடுப்பா இருக்கும்."

"வைக்கக் கூடாதுன்னு கேள்வியிலயே போட்டிருக்கான்."

"அவன் யாவாரம் பண்ணுனானா, நாம பண்ணுதமா?" என்றவர், மஞ்சளைத் தூக்கப் போனார். நான் நடுவில் போய் நின்றேன். உண்மையிலேயே கையை விரித்துக்கொண்டு நின்றேன். இது என் கடைசி முறை பெரியப்பா, இந்த ஒரு வட்டம் புரியாமல்தான் இரண்டு வருஷம் போனது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பொம்மைகளைப் பார்த்தார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்தார். "சரி, முடி," என்றார்.

நீலமும் பச்சை போலவே வெளியே பார்க்க வேண்டும். திருப்பினேன். அதன் வெறும் தோள் நாலு மணிப் பக்கம். நாலில் ஊதா. மிச்சமிருந்தது பத்து மணி, அங்கே வெள்ளை. இரண்டும் நீலத்துக்கு மாறாக உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே பார்ப்பவர் இப்போது சிவப்பு, ஊதா, வெள்ளை என்று மூவர் ஆகிவிட்டதால் மஞ்சள் வெளியே.

"பாவம், அதுவும் வெளிய போச்சா," என்றார் பெரியப்பா.

வெள்ளைக்கு வலப்புறம் இரண்டாவது. வெள்ளையின் வெறும் தோளிலிருந்து எண்ணினேன். எட்டில் பச்சை, ஆறில் மஞ்சள். மஞ்சள்தான். படம் எடுத்துத் தோழனுக்கு அனுப்பினேன். "கரீட்டு. ஆனா இன்னாக்கா இது, பொம்மைங்கோ சண்டை போட்டுகினா மாதிரி கீது" என்று வந்தது. பொம்மைகளைத் திரும்ப முகப்புக்குத் தூக்கும்போது பெரியப்பா ஒரு பக்கம் பிடித்தார். மஞ்சளைச் சிவப்புக்குப் பக்கத்தில்தான் வைத்தார்.

பிறகு ஒரு மாதம் தினமும் பத்து நிமிஷம் முன்னால் கடைக்குப் போய் ஒரு வட்டம் போட்டேன். எட்டுப் பேர் புதிர் என்றால் இரண்டு துணிக்கட்டுகளையும் சேர்த்து நிறுத்தி, அவற்றின் மேலும் ஒரு துண்டைப் போட்டு முந்தானை வைத்துக்கொள்வேன். கடைசி வாரத்தில் பொம்மை தேவைப்படவில்லை, தாளில் அம்புக்குறி போட்டாலே தோள் தெரிந்தது.

முதல்நிலைத் தேர்வைத் தாண்டி முதன்மைத் தேர்வுக்குப் போனேன். அங்கே வந்தது எட்டுப் பேர் வட்டம், உள்ளும் வெளியுமாகக் கலந்து. பழைய பழக்கத்தில் அடுத்த பக்கத்துக்குப் போக விரல் எழுந்தது. அடக்கினேன். ஓர் இடத்தில் ஓர் ஆள் உள்ளே பார்க்கிறாரா வெளியேயா என்று முடிவாகவில்லை. இரண்டு வட்டம் போட்டு இரண்டையும் நடத்திப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பில் ஒரு வட்டத்தில் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அதை அடித்துவிட்டு மற்றதை முடித்தேன். ஐந்து கேள்விக்கும் விடை குறித்தேன். நான் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்காணிப்பாளர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். துண்டுச்சீட்டு ஏதும் இல்லை என்று தெரிந்து ஏமாற்றமாகத் திரும்பினார்.

முடிவு வந்த அன்று மத்தியானம் கடையில் கூட்டம். ஒரு அம்மாவுக்கு முப்பதாவது சேலையை விரித்துக்கொண்டிருந்தேன். தோழன்தான் என் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்து, தேர்ச்சி என்று வந்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அவனுக்கு அந்த முறை கிடைக்கவில்லை. அவனுக்கு இன்னும் வருஷங்கள் இருந்தன, இருந்தாலும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த அம்மா எதுவும் வாங்காமல் போனார், எனக்குக் கோபமே வரவில்லை.

பெரியப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "எப்ப சேரணும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆதம்பாக்கம் கிளையைப் பற்றி யாரிடமோ போனில் சத்தமாகப் பேசினார், நான் கேட்க வேண்டும் என்றே.

கடையில் என் கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் இன்னும் யாரும் வரவில்லை. வழக்கம்போல் கவுண்ட்டருக்குப் பின்னால் போனேன். பெரியப்பா எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"இங்கன இல்ல. அந்தப் பக்கம் போய் உக்காரு."

வாடிக்கையாளர் முக்காலியைக் காட்டினார். ஒன்பது வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, உட்காரத் தோன்றியதில்லை. உட்கார்ந்தேன்.

"வாங்கம்மா. என்ன விலையில பாக்கணும்?" என்றார்.

எத்தனை ஆயிரம் பேரிடம் நான் சொன்ன வார்த்தைகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதேன். "வெளாடாதீங்க பெரியப்பா," என்றேன்.

"வேலைக்குப் போற பிள்ள மொத நாளு நல்லதா உடுத்திட்டுப் போண்டாமா?" என்று அலமாரியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எடுத்துப் போட்டார். பல வருஷமாகக் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டதால் விரிக்கும் பழக்கம் போயிருந்தது. சேலையின் உள்பக்கம் மேலே தெரிய விரித்தார். மடிப்பும் கலைந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பிரித்துச் சரியாகப் போடலாம் என்று எழுந்தேன்.

"உக்காருன்னு சொன்னேம்லா," என்றார்.

நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் இன்னொரு சேலையை எடுத்தார்.